மடியில் குழந்தை, எதிரில் கொதிநீர்: ஆவி பிடிப்பது பற்றி ஒரு தாயின் கேள்வி

*"என் மகளுக்கு மூன்றரை வயது, எடை 14 கிலோ. மாதம் ஒருமுறையாவது சளி பிடித்துவிடுகிறது. மூக்கடைத்தால் இரவெல்லாம் தூங்க மாட்டாள். மாமியார் சொன்னபடி குண்டானில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளும் ஐந்தாறு சொட்டு யூகலிப்டஸ் தைலமும் விட்டு, அவளை மடியில் உட்கார வைத்து இருவருமாகப் போர்வைக்குள் ஆவி பிடிப்போம். போன வாரம் 'கண் எரியுது' என்று துள்ளினாள். தண்ணீர் தளும்பி என் முழங்காலில் கொட்டிக் கொப்புளம் வந்துவிட்டது. நல்லவேளை, அவள்மேல் படவில்லை. கணவர் இனி வேண்டவே வேண்டாம் என்கிறார். மாமியாரோ, 'ஆவி பிடித்தால்தான் சளி கரையும், விட்டால் நெஞ்சுக்கு இறங்கிவிடும்' என்கிறார். தைலத்தைக் குறைத்துக்கொண்டால் போதுமா? குழந்தைக்கு எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம்? எட்டு மாத மகனும் இருக்கிறான். அவனுக்குத் தொட்டில் பக்கத்தில் ஆவி பறக்கும்படி பாத்திரத்தை வைக்கலாமா?"*

*— பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

சொட்டுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மகளுக்கு இத்தனை சொட்டு சரி என்று நான் ஓர் எண் சொன்னால், அந்தக் குண்டான் மறுபடியும் அவள் காலடிக்கு வந்துவிடும். தைலத்தைக் குறைத்தால் கண் எரிச்சல் குறையும், அவ்வளவுதான். தண்ணீரின் சூடு அப்படியேதான் இருக்கும். ஆகவே மகளுக்கு இந்த முறையில் ஆவி வேண்டாம், மகனுக்கு எந்த முறையிலும் வேண்டாம். நீங்கள் பெரியவர்கள் பிடித்துக்கொள்ளலாம், அதற்கும் வேறு முறை இருக்கிறது. ஏன் என்பதை விளக்கிவிடுகிறேன். காரணம் புரிந்தால் வீட்டில் எடுத்துச் சொல்வதும் எளிது.

அவள் ஏன் துள்ளினாள்

யூகலிப்டஸ் தைலம் தண்ணீரில் கரையாது. சொட்டு விட்டதும் எண்ணெய்ப் படலமாக மேலேயே மிதக்கும். கொதிநீரின் சூட்டில் அந்தப் படலம் முதல் ஓரிரு நிமிடத்திலேயே பெரும்பாலும் ஆவியாகிக் கிளம்பிவிடும். ஐந்து நிமிடத்துக்குப் பரவலாக வர வேண்டியது ஒரே மூச்சில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த அறை என்றால் கலைந்து போகும். போர்வைக்குள் போக்கிடம் இல்லை. பாத்திரத்துக்கு நேர் மேலே இருக்கும் கண்ணில்தான் அது முதலில் படும்.

கண் எரிந்தால் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு போர்வையை விலக்குவார். மூன்றரை வயதுக் குழந்தை இருட்டில், சூட்டில், யாரோ பிடித்திருக்கும் பிடியில் இருக்கிறது. கண் எரிந்ததும் தலையைப் பின்னால் எறியும், உடம்பை வில்லாக வளைக்கும், கால்கள் முன்னால் உதைக்கும். மடியில் இருக்கும் குழந்தையின் கால் எங்கே இருக்கும்? பாத்திரத்தின் விளிம்பருகே. போன வாரம் நடந்தது தற்செயல் என்று நினைக்காதீர்கள். தைலம், போர்வை, மடி, விளிம்பு உயரமில்லாத பாத்திரம் நான்கும் சேர்ந்தால் அடுத்து நடப்பது அதுதான். தண்ணீர் உங்கள் முழங்கால் பக்கம் சாய்ந்தது என்பது மட்டுமே தற்செயல்.

இன்னொன்று. சிலர் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே தைலத்தை விடுவார்கள். அதன் ஆவி தீப்பற்றக்கூடியது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கிய பிறகு தவிர தைலப் புட்டியைத் திறக்கவே கூடாது.

அந்தத் தண்ணீர் சாய்ந்திருந்தால்

70 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீர் பெரியவர்களின் தோலையே ஒரு நொடிக்குள் ஆழமாக வேகவைத்துவிடும். 60 டிகிரிக்கு ஐந்து நொடி போதும். குழந்தையின் தோல் மெல்லியது, இதைவிடக் குறைந்த நேரத்தில் அதே ஆழத்துக்கு வெந்துவிடும். கொதித்து இறக்கிய தண்ணீர் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். "கொஞ்சம் ஆறட்டும்" என்று ஐந்து நிமிடம் வைத்தாலும் ஆபத்தான சூட்டை விட்டு இறங்காது. ஆவி தெரிகிற அளவுக்குச் சூடாக இருந்தால் தோலுக்கு அது சூடுதான்.

இனி உங்கள் மகளை எடுத்துக்கொள்வோம். மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைமேல் பாத்திரம் சாய்ந்தால் தண்ணீர் முதலில் விழுவது இரண்டு தொடைகளின் முன்புறம், அடிவயிறு, பிறப்புறுப்பு. அந்த வயதில் ஒரு தொடையின் முன்புறம் உடல் பரப்பில் ஏறக்குறைய மூன்றரை சதவீதம். இரண்டுக்கும் ஏழு. பிறப்புறுப்புக்கு ஒன்று, அடிவயிற்றுக்கு நான்கு. மொத்தம் பன்னிரண்டு சதவீதம். குழந்தைகளுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினாலே உடம்பிலிருந்து கசிந்து போகும் நீரை ஈடுகட்ட நரம்பு வழியே திரவம் ஏற்ற வேண்டியிருக்கும். அதாவது மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய காயம்.

அதே அளவு தண்ணீர் உங்கள்மேல் கொட்டி அதே பரப்பை நனைத்தால், உங்கள் உடம்பில் அது ஐந்து சதவீதம்கூட வராது. மகளின் மொத்தத் தோல்பரப்பு உங்களுடையதில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குதான். தண்ணீர் ஆளைப் பார்த்து அளவைக் குறைத்துக்கொள்வதில்லை. குழந்தைக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதன் பொருள் இந்தக் கணக்கில் இருக்கிறது.

மேலும், அடிவயிற்றிலும் இடுப்பு மடிப்பிலும் உடுப்பும் ஜட்டியும் சூட்டை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஓடிப்போன பிறகும் ஈரத்துணி தோலை வேகவைத்துக்கொண்டே இருக்கும். அந்த இடத்துக் காயம் ஆறும்போது தோல் சுருங்கி இழுத்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு.

ஆவியால் கிடைப்பது என்ன

இவ்வளவு ஆபத்துக்கு ஈடாக என்ன பலன் என்று பார்க்க வேண்டாமா? சூடான ஈரக்காற்று மூக்கில் காய்ந்து ஒட்டியிருக்கும் சளியை இளக்கும். சிறிது நேரம் மூக்கு திறந்தாற்போல் இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சாதாரண சளிக்குச் சூடேற்றிய ஈரக்காற்று உதவுகிறதா என்பது பற்றிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, உறுதியான பலன் தெரியவில்லை என்றே முடித்தது. சளியை உண்டாக்குவது வைரஸ். போர்வைக்குள் இருக்கும் பத்து நிமிடச் சூட்டில் அது சாவதில்லை.

தைலத்தின் வேலை இன்னும் சுவையானது. மெந்தால் என்ற பொருளை முகர்ந்தால் மூக்கிலுள்ள குளிர்ச்சியை உணரும் நரம்புகள் தூண்டப்பட்டு, "காற்று தாராளமாகப் போகிறது" என்ற உணர்வு வரும். கருவி வைத்து அளந்தால் அடைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பகுதியாக இருக்கும் சினியோலும் அதே நரம்புகளைத்தான் கொஞ்சம் மென்மையாகத் தூண்டுகிறது. பெரியவருக்கு அந்த உணர்வே ஆறுதல், அதைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைக்கு அது எரிச்சலாகவே போய்ச் சேர்கிறது.

மஞ்சளைப் பற்றி ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். குழந்தைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். மஞ்சள் கலந்த தண்ணீர் தெறிக்காமல் மெல்லக் கொதிக்கையில், இடுக்கியால் ஒரு தட்டை அதற்கு மேலே உயரமாகப் பிடியுங்கள். தட்டில் திரளும் நீர்த்துளியைப் பாருங்கள். நிறமில்லாமல் தெளிவாக இருக்கும். மஞ்சளின் மஞ்சள்நிறப் பொருளான குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது, ஆவியோடு மேலே வருவதில்லை. வருவது வாசனை மட்டும். மஞ்சளுக்கு எந்தக் குணம் இருந்தாலும் அது குண்டானின் அடியில் தங்கிவிடுகிறது. பொடி போட்டால் கூடுதலாகக் கிடைப்பது, கொதிக்கும் தண்ணீர் நுரைத்துப் பொங்குவதுதான்.

உங்கள் மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். மூக்குச்சளி ஒழுகி நெஞ்சுக்கு "இறங்கி" நிமோனியா ஆவதில்லை. சில சமயம் அதே வைரஸோ வேறு கிருமியோ நுரையீரலைத் தாக்குகிறது. ஆவி பிடித்ததாலோ விட்டதாலோ அது மாறாது. ஆனால் அந்தப் பயத்தில் உள்ள கவனம் நல்லது, அதை வேறு பக்கம் திருப்புங்கள். குழந்தை தூங்கும்போது வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். மகளுக்கு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், மகனுக்கு 50 அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது மூச்சு இழுக்கையில் விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்பினால் எழாத அளவு சோர்ந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மாதம் ஒரு சளி என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் வருடத்துக்கு ஏழெட்டு முறை சளி வருவது இயல்பு. ஒவ்வொன்றும் ஏழு முதல் பத்து நாள் இருக்கும், இருமல் அதற்குப் பிறகும் சில நாள் இழுக்கும். அதனால் எப்போதும் சளி இருப்பது போலவே தோன்றும்.

இரவில் தூங்க வைக்க

மருந்துக்கடையில் கிடைக்கும் மூக்குக்கான உப்புநீர்ச் சொட்டு மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள். லேபிளில் சோடியம் குளோரைடு 0.9 சதவீதம் அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருக்கும், வேறு மருந்து எதுவும் கலந்திருக்கக் கூடாது. அடைப்பு திறக்கும் மருந்துச் சொட்டும் இதுவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மகனுக்கு: மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு மூக்குத்துளையிலும் இரண்டு சொட்டு. ஓரிரு நிமிடம் காத்திருங்கள், காய்ந்த சளி ஊற வேண்டும். பிறகு ரப்பர் உறிஞ்சியை மூக்குக்கு வெளியே வைத்து முதலில் அமுக்கி, துளையின் வாயிலில் வைத்து மெல்ல விடுங்கள். உள்ளே வைத்து அமுக்கினால் சளி மேலே போகும். இதைப் பால் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். பின்னால் செய்தால் வாந்தி வரும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போதும், அடிக்கடி உறிஞ்சினால் மூக்கின் உட்புறம் வீங்கி அடைப்பு கூடும்.

மகளுக்கு: அதே சொட்டு, பிறகு ஒரு துளையை மூடிக்கொண்டு மறுதுளையால் சிந்தச் சொல்லிக்கொடுங்கள். இரவு இருமலுக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு ஸ்பூன் தேன் கொடுக்கலாம். மகனுக்குத் தேன் கூடவே கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்வித்து முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

தொட்டில் பக்கத்தில் பாத்திரம்

இது வேண்டாம். தொட்டில் ஆடினாலோ, மகள் ஓடிவந்து இடறினாலோ, தரையில் இருக்கும் கொதிநீருக்குத் தடுப்பு எதுவும் இல்லை. மின்சார ஆவிக் கருவியும் உள்ளே கொதிநீரை வைத்திருப்பதுதான். தவழும் குழந்தை அதன் வயரை இழுக்கும்.

தைல வாசனையும் அவனுக்கு ஆகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே யூகலிப்டஸ், மெந்தால், கற்பூரம் எதையும் கொண்டுபோகாதீர்கள். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது. காரமான ஆவி பட்டதும் குரல்வளை இறுகி மூச்சு சட்டென்று நின்றுபோகலாம். வெந்நீரில் பிழிந்து விடும் காப்ஸ்யூல்கள் பலவற்றிலும் கற்பூரம் இருக்கிறது, நெஞ்சில் தேய்க்கும் களிம்புகளிலும் இருக்கிறது.

எல்லோரும் மறந்துவிடும் ஒன்று, தைலப் புட்டி. ஆவி பிடித்த இடத்திலேயே மூடி தளர்வாகக் கிடக்கும். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, குடித்தாலே சிறு குழந்தைக்கு வலிப்பும் மயக்கமும் வரலாம். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். அதற்கும் குறைவாகக் குடித்தே மயங்கிய குழந்தைகள் உண்டு. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நீங்கள் பிடிப்பதானால்

குழந்தைகள் தூங்கிய பிறகு, வேறு அறையில். கொதித்த தண்ணீரை அடுப்படியிலிருந்து தூக்கிக்கொண்டு நடப்பதே பாதி விபத்துக்குக் காரணம். அதனால் காலியான, அடி அகன்ற, கனமான பாத்திரத்தை முதலில் மேசை நடுவில் வைத்துவிட்டு, மூடியுள்ள கெட்டிலிலிருந்து அரை லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை ஓரடி தள்ளி வையுங்கள். சுடுவதாகத் தோன்றினால் இன்னும் விலகுங்கள். தலைமேல் துண்டு போடாமலே ஐந்து நிமிடம் போதும். தைலம் விரும்பினால் ஒரு சொட்டு, கண்ணை மூடிக்கொண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் தைலமே விடாதீர்கள், மூச்சிறைப்பைத் தூண்டிவிடும். முடிந்ததும் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள்.

எப்போதாவது மேலே கொட்டிவிட்டால்

உடனே ஈர உடுப்பையும் டயாப்பரையும் கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் காயத்தை 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம், ஏனென்றால் அழும் குழந்தையோடு மூன்று நிமிடமே அரைமணி போல இருக்கும். உடனே செய்ய முடியாமல் போனாலும் மூன்று மணி நேரம் வரை இதற்குப் பலன் உண்டு. காயம் படாத பகுதியைத் துணியால் போர்த்தி வையுங்கள், சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். குறிப்பாக மஞ்சள் பூசினால் தோல் சிவந்திருக்கிறதா வெளுத்திருக்கிறதா என்று பார்த்து ஆழத்தைக் கணிக்க மருத்துவரால் முடியாமல் போகும். சுத்தமான, பஞ்சு பிரியாத துணியால் தளர்வாக மூடி எடுத்துச் செல்லுங்கள்.

குழந்தையின் விரல்களோடு சேர்த்த உள்ளங்கை அதன் உடம்பில் ஒரு சதவீதம். காயம் அந்த உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்டாலும், கொப்புளம் வந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறிய காயமாக இருந்தாலும் அடுத்த சில நாட்களில் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு வந்தால் காத்திருக்காதீர்கள். கிருமியின் நஞ்சு இரத்தத்தில் கலந்ததற்கான அடையாளமாக அது இருக்கலாம்.

உங்கள் முழங்கால் கொப்புளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. உடைக்காமல் விடுங்கள். தானாக உடைந்திருந்தால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, ஒட்டாத கட்டு போடுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாமல் இருந்தாலோ காட்ட வேண்டும். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் பார்த்துவையுங்கள்.